இடாப்பு எழுதியவர்களும் மீளாய்வு எழுதியவர்களும்

போன வாரம் எங்கள் ஊர்த் தங்கை ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பட்டப்படிப்புக்கான ஆய்வு எழுதுகிறார். இரண்டாம் அத்தியாயத்தை, அதாவது இலக்கிய மீளாய்வை, மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "ஆண்டு ஒழுங்கில் அடுக்காமல் கருப்பொருள் ஒழுங்கில் எழுதவும். பகுதிகளுக்கிடையில் தொடர்பு இல்லை" என்று சிவப்புப் பேனையால் இரண்டே வரிகள். "இதுக்கு என்ன செய்யிற டீச்சர்? தலைப்புகளைப் போட்டு இடம் மாத்தினா சரியா?" என்று கேட்டிருந்தார்.

சரியாகாது. இதை எங்களால் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் நாங்கள் நால்வரும் முதலில் செய்தது அதைத்தான். அந்தத் தங்கைக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. ஊரில் இன்னும் பல பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறோம்.

ஆசிரியர் அல்லாத உறவுகளுக்காக ஒரு விளக்கம். இலக்கிய மீளாய்வு என்றால் கதை, கவிதை பற்றியது அல்ல. நாம் ஆராயப்போகும் விடயத்தைப் பற்றி நமக்கு முன்னர் ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள், எங்கே உடன்படுகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று சொல்லும் பகுதி. அந்த விடுபட்ட இடத்தில்தான் நமது ஆய்வு வந்து உட்கார வேண்டும்.

எங்கள் விடயம் வாசிப்பு. நால்வரும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள். தரம் 3க்கு வந்தும் வாசிக்க முடியாத பிள்ளைகள் எங்கள் நால்வர் வகுப்பிலும் இருந்தார்கள். அதனால் மீளாய்வை மட்டும் குழு ஒப்படையாகச் சேர்ந்து எழுதினோம். எட்டு ஆய்வுகளைப் படித்து, பதினொரு பக்கம் எழுதி, நூல் கட்டாத குறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அதில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் பிழை எங்கே என்று விளங்கும். முதல் பந்தி 1965இல் கென்னத் குட்மன். இரண்டாவது 1967இல் ஜீன் சோல். பிறகு 1974இல் இசபெல் லிபர்மனும் குழுவினரும், 1986இல் கஃப், டன்மர் இருவரும், 1991இல் டொம் நிக்கல்சன், 2003இல் சீமோரும் குழுவினரும், 2007இல் சோனாலி நாக், 2008இல் டேவிட் ஷெயார். ஒவ்வொரு பந்தியும் ஒரே அச்சில் வார்த்தது. "இன்ன ஆண்டில் இன்னார் இன்ன ஆய்வை மேற்கொண்டார். அதில் இன்ன முடிவு பெறப்பட்டது." அடுத்த பந்தி, "இதனைத் தொடர்ந்து இன்ன ஆண்டில்..."

சேர் அதை வாசித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "இது என்ன பிள்ளையள், வரவு இடாப்பா? யார் எப்ப வந்தார் எண்டு தெரியுது. வந்து என்ன கதைச்சார், யாரோட சண்டை பிடிச்சார் எண்டு ஒண்டும் தெரியல்லையே" என்றார்.

நாங்கள் விடுதிக்கு வந்து, சுலபமான வழியைத் தேடினோம். தொடர்பு இல்லை என்றால் தொடர்புச் சொற்களைப் போட்டால் போகிறது என்று நினைத்தோம். பந்திகளின் தொடக்கத்தில் "மேலும்", "இதேபோல்", "இதனடிப்படையில்" என்று சேர்த்துக்கொண்டே போனோம். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. மறுநாளே தாள் திரும்பி வந்தது. இரண்டாம் பந்தியின் முதற்சொல் "இதேபோல்" என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

அந்தக் கேள்விக்குறிக்கு விடை தேடிப் போனபோதுதான் வெட்கம் வந்தது. குட்மன் சொன்னது, பிள்ளை கதையின் பொருளைத் துணையாகக் கொண்டு சொல்லை அறிந்துகொள்கிறது என்று. அதற்கடுத்த பந்தியில் இருந்த சோல், அதுவரை நடந்த ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்து, தொடக்கத்திலேயே எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைக் கற்பிக்கும் முறைதான் கூடுதல் பயன் தருகிறது என்ற முடிவுக்கு வந்தவர். இருவரும் எதிரெதிர்ப் பக்கம். நாங்கள் இடையில் "இதேபோல்" என்று போட்டு இருவரையும் கைகுலுக்க வைத்திருந்தோம்.

ஆண்டு ஒழுங்கில் இருக்கும்வரை பக்கத்துப் பந்திகளுக்கு இடையில் உண்மையில் இருக்கும் ஒரே தொடர்பு "பிறகு" என்பது மட்டும்தான். அதற்கு மேல் நாம் போடும் இணைப்புச் சொல் ஒன்றில் வெறும் ஒப்பனை, இல்லாவிட்டால் பொய். எனவே முதலில் இடத்தை மாற்ற வேண்டும். இணைப்பு வாக்கியம் அதற்குப் பிறகு.

எங்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் வழி சொன்னார். "கட்டுரையை மூடி வைங்க. கொப்பியில நாலு தாளக் கிழிங்க." ஒவ்வொரு தாளையும் இரண்டாக வெட்டி, எட்டு ஆய்வுகளுக்கும் எட்டுத் துண்டுகள் எடுத்தோம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று விடயங்கள் மட்டும் எழுதினோம். இந்த ஆய்வு கேட்ட கேள்வி என்ன? கண்ட விடை என்ன? யாரிடம், எந்த மொழியில் கண்டது? ஆண்டையும் பெயரையும் துண்டின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். பெயர் கண்ணில் பட்டால் மறுபடியும் ஆண்டு ஒழுங்குக்குத்தான் போவோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

துண்டுகளைத் தரையில் பரப்பினோம். முதலில் நாங்கள் பிரித்தது இரண்டு குவியலாக. ஒன்று மேலைநாட்டு ஆய்வுகள், மற்றது இந்திய ஆய்வு. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ராத்தா ஒரு சோதனை வைத்தார். "யார்ட பெயரையும் சொல்லாம, இந்தக் குவியல் முழுக்க என்ன சொல்லுது எண்டு ஒரே வசனத்தில சொல்லுங்க." எங்களால் முடியவில்லை. "இவர்கள் எல்லாரும் மேலைநாட்டவர்கள்" என்பது வாசிப்பைப் பற்றிய வசனம் அல்லவே. அந்தக் குவியல் ஒரு கருப்பொருள் அல்ல என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்தச் சோதனையை உங்கள் அத்தியாயத்தில் இப்போதே செய்து பார்க்கலாம். ஆய்வாளர் பெயர் இல்லாமல் ஒரு பகுதியின் சாரத்தை ஒரு வசனத்தில் சொல்ல முடிந்தால் அது கருப்பொருள். முடியாவிட்டால் அது வெறும் பெட்டி. "உள்நாட்டு ஆய்வுகள், வெளிநாட்டு ஆய்வுகள்" என்று பிரிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அநேகமான இடங்களில் அது இன்னொரு இடாப்புத்தான்.

இரண்டாவது முறை, துண்டுகளில் இருந்த முதல் வரியை, அதாவது கேள்வியை மட்டும் பார்த்துப் பிரித்தோம். அப்போது நடந்த ஒரு விடயம் இன்றும் நினைவில் இருக்கிறது. இரண்டு துண்டுகளில் ஏறத்தாழ ஒரே கேள்வி இருந்தது. "பிள்ளைகள் சொற்களைத் தனியாகப் பட்டியலில் வாசிப்பதை விடக் கதைக்குள் நன்றாக வாசிக்கிறார்களா?" திருப்பிப் பார்த்தால் ஒன்று 1965 குட்மன், மற்றது 1991 நிக்கல்சன். எங்கள் பதினொரு பக்கத்தில் இவர்கள் இருவருக்கும் இடையில் வேறு மூன்று ஆய்வுகள் இருந்தன. முதலாம் பக்கத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கு ஏழாம் பக்கத்தில் இன்னொருவர் பதில் சொல்லியிருக்கிறார். எழுதிய எங்களுக்கே அது தெரியாது.

பக்கத்தில் வைத்து வாசித்தபோது விளங்கியது இதுதான். குட்மன் பிள்ளைகளிடம் முதலில் சொற்பட்டியலைக் கொடுத்தார். பிறகு அதே சொற்கள் வரும் கதையைக் கொடுத்தார். பட்டியலில் பிழைவிட்ட சொற்களில் பெரும்பகுதியைக் கதையில் சரியாக வாசித்தார்கள். முதலாம் வகுப்பில் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் வகுப்பில் ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே கதையின் பொருள்தான் உதவுகிறது என்று முடிவு செய்தார். நிக்கல்சன் அங்கே ஒரு ஓட்டையைக் கண்டார். எல்லாப் பிள்ளைகளும் பட்டியலை முதலிலும் கதையை இரண்டாவதும் வாசித்தால், இரண்டாம் முறை நன்றாக வாசிப்பதற்குப் பழக்கமும் காரணமாக இருக்கலாம் அல்லவா? அவர் வாசிக்கும் வரிசையை மாற்றிப் பார்த்தார். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் சிறிய பிள்ளைகளுக்கும் கதை உதவியது. வயதில் மூத்த, நன்றாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு அந்த நன்மை தெரியவில்லை.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊகித்து வாசிப்பது நல்ல வாசகரின் திறமை என்று எண்ணியிருந்தோம். ஆனால் எழுத்தை இன்னும் பிடிக்காத பிள்ளைதான் அதில் சாய்ந்து நிற்கிறது.

எங்களில் ஒருவர் உடனே தன் வகுப்புப் பிள்ளை ஒருவரைப் பற்றிச் சொன்னார். காகத்தின் படம் உள்ள பக்கத்தில் "காகம்" என்று உரத்து வாசிப்பார். நாங்களும் கை தட்டியிருக்கிறோம். ஒருநாள் படத்தைக் கையால் மறைத்து அதே சொல்லைக் காட்டியபோது, பிள்ளை சொல்லைப் பார்க்கவில்லை, டீச்சரின் முகத்தைப் பார்த்தாராம். இரண்டு ஆண்டுகளாக வாசிப்பு என்று நாங்கள் பாராட்டியது வாசிப்பே அல்ல. இதைச் சொன்னபோது அறையில் யாரும் பேசவில்லை. நாங்கள் வகுப்பறைத் தலையீடாகத் திட்டமிட்டிருந்தது என்ன தெரியுமா? படஅட்டைகள். படத்தைக் காட்டிச் சொல்லை ஊகிக்க வைப்பது.

அதற்குப் பிறகு ஒப்படையைப் புள்ளிக்காகச் செய்யும் எண்ணம் போய்விட்டது.

துண்டுகள் மூன்று குவியலாக நின்றன. முதலாவது: பிள்ளை எதை நம்பி வாசிக்கிறது, எழுத்தையா, ஊகத்தையா? இதில் குட்மன், சோல், கஃப்பும் டன்மரும், நிக்கல்சன். இரண்டாவது: சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளில் பிள்ளையின் காதுக்கு எது முதலில் பிடிபடுகிறது? இதில் லிபர்மன் குழுவினர். மூன்றாவது: எழுத்துமுறை மாறினால் வாசிக்கக் கற்கும் வேகம் மாறுமா? இதில் சீமோர் குழுவினரும் ஷெயாரும்.

ஒரு துண்டு மட்டும் எந்தக் குவியலிலும் முழுதாக அடங்கவில்லை. சோனாலி நாக் கன்னடம் கற்கும் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு அது. அதில் இரண்டு முடிவுகள். ஒன்று, அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லை அசை அசையாகப் பிரிக்கும் உணர்வு முதலில் வருகிறது. அசைக்குள் இருக்கும் தனி ஒலியைப் பிரித்தறியும் உணர்வு மெதுவாக, பிந்தி வருகிறது. மற்றது, எழுத்துகளின் தொகை பெரிது என்பதால் எல்லா எழுத்துகளையும் பிடிக்கச் சில ஆண்டுகள் எடுக்கின்றன. முதலாவது முடிவு இரண்டாம் குவியலுக்குரியது, அடுத்தது மூன்றாம் குவியலுக்குரியது. "அப்ப துண்டை வெட்டுங்க" என்றார் ராத்தா. ஒரு ஆய்வு ஒரே பந்தியில்தான் வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தேவையான முடிவைத் தேவையான இடத்தில் சொல்லி, இரண்டாம் முறை வரும்போது "முன்னர் குறிப்பிட்ட கன்னட ஆய்வு" என்று நினைவூட்டினால் போதும். ஆண்டு ஒழுங்கில் இருந்து மாறும்போது பலர் தடக்குப்படும் இடம் இது. ஒவ்வோர் ஆய்வையும் உடையாத கல்லாக நினைத்து, எந்தப் பகுதியில் வைப்பது என்று தடுமாறுவார்கள்.

இனி மூன்று பகுதிகளையும் எந்த ஒழுங்கில் வைப்பது? இதைத் தீர்மானிக்க எங்களுக்குக் கைகொடுத்தது இணைப்பு வாக்கியம்தான். முதலில் எழுத்துமுறை பற்றிய பகுதியைத் தொடக்கத்தில் வைத்தோம். அது பெரிய படம், அங்கிருந்து சிறியதற்கு வரலாம் என்று எண்ணினோம். அதிலிருந்து ஊகம் பற்றிய பகுதிக்குப் போக ஒரு வாக்கியம் எழுதப் பார்த்தோம். "அடுத்து, பிள்ளைகள் வாசிக்கும் முறை பற்றிய ஆய்வுகளை நோக்குவோம்" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. எத்தனை தடவை எழுதினாலும் "அடுத்து" தான்.

"அடுத்து நோக்குவோம்" என்பது இணைப்பு அல்ல, அறிவித்தல். பஸ்ஸில் கொண்டக்டர் அடுத்த தரிப்பிடத்தைக் கூவுவது போல. எங்கே போகிறோம் என்று சொல்கிறது. ஏன் போகிறோம் என்று சொல்வதில்லை. அப்படி மட்டும்தான் எழுத வருகிறது என்றால் பேனையில் குற்றமில்லை, பகுதிகளின் ஒழுங்கில்தான் குற்றம். ஆகவே ஒழுங்கை மாற்றி, ஊகம் பற்றியதை முதலிலும், ஒலி பற்றியதை நடுவிலும், எழுத்துமுறை பற்றியதைக் கடைசியிலும் வைத்தோம். இப்போது வாக்கியங்கள் தாமாக வந்தன.

முதலாம் பகுதியிலிருந்து இரண்டாம் பகுதிக்கு நாங்கள் எழுதியது இது:

"ஊகம் தேர்ந்த வாசகரின் துணை அல்ல, எழுத்தை ஒலியாக்க இயலாத பிள்ளையின் ஊன்றுகோல் என்பதை மேற்கண்ட ஆய்வுகள் உணர்த்துகின்றன. ஆயினும் எழுத்தை ஒலியாக்குவது சில பிள்ளைகளுக்கு ஏன் கடினமாகிறது என்பதற்கு அவை விடை தரவில்லை. அவ்விடையைத் தேடியவர்கள் பிள்ளையின் கண்ணை விட்டு, காதை ஆராயத் தொடங்கினர்."

மூன்று வாக்கியங்கள். முதலாவது பின்னால் திரும்பி, முடிந்த பகுதியின் சாரத்தைக் கையில் எடுக்கிறது. இரண்டாவது அதில் எஞ்சிய குறையைச் சொல்கிறது. மூன்றாவது அந்தக் குறைக்காகவே அடுத்த பகுதிக்குப் போகிறது. நடுவில் உள்ள வாக்கியம்தான் உயிர். அநேகமானோர் முதலாவதையும் மூன்றாவதையும் எழுதி, நடுவிலுள்ளதை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் மேற்பார்வையாளர் "தொடர்பு இல்லை" என்கிறார்.

இரண்டாம் பகுதியில் லிபர்மன் குழுவினரின் ஆய்வு வருகிறது. சிறுவர்களிடம் ஒரு சொல்லைச் சொல்லி, அதில் எத்தனை பகுதிகள் உள்ளன என்று ஒரு குச்சியால் மேசையில் தட்டச் சொன்னார்கள். நான்கு வயதில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அசைகளைச் சரியாகத் தட்டினார்கள். தனி ஒலிகளைச் சரியாகத் தட்டியவர் ஒருவரும் இல்லை. முதலாம் வகுப்பு முடிவில் அசைகளை 90 வீதமானோரும், தனி ஒலிகளை 70 வீதமானோரும் தட்டினார்கள். இதற்குப் பக்கத்தில் கன்னட ஆய்வின் முதல் பாதி. இரண்டுக்கும் இடையில் முப்பத்துமூன்று ஆண்டுகள். ஆனால் பேசுவது ஒரே விடயம். அங்கே "இதேபோல்" என்று எழுதினோம். இந்த முறை அது உண்மையாக இருந்தது.

இரண்டிலிருந்து மூன்றாம் பகுதிக்கு எழுதியது இது:

"அசை முந்தியும் தனி ஒலி பிந்தியும் பிடிபடுகிறது என்பதில் ஆங்கில ஆய்வும் கன்னட ஆய்வும் உடன்படுகின்றன. ஆனால் ஆங்கில எழுத்து தனி ஒலியைக் குறிக்க முனைவது. கன்னட எழுத்து அசையைக் குறிப்பது. அவ்வாறாயின் பிள்ளைக்கு எளிதான அலகையே எழுத்தாகக் கொண்ட மொழியில் வாசிக்கக் கற்பது விரைவாக நிகழ வேண்டுமல்லவா?"

இங்கே இணைப்பு ஒரு கேள்வியில் முடிகிறது. விடையை அடுத்த பகுதி தருகிறது. சீமோர் குழுவினர் ஐரோப்பாவின் 13 எழுத்துமுறைகளை ஒப்பிட்டார்கள். பெரும்பாலான மொழிகளில் பிள்ளைகள் முதலாம் ஆண்டு முடியும் முன்பே அடிப்படை வாசிப்பைப் பிடித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேலான காலம் எடுக்கிறது. ஷெயார் சொன்னது, இப்படி விதிவிலக்காக இருக்கும் ஆங்கிலத்தை வைத்தே உலகத்துக்கெல்லாம் வாசிப்புக் கொள்கை எழுதப்பட்டிருக்கிறது என்று. அதன் பக்கத்தில் கன்னட ஆய்வின் மறுபாதி: அசை எளிது, ஆனால் எழுத்துகள் அதிகம், ஆகவே விரைவாக முடிவதில்லை.

தமிழுக்கும் அதே நிலைதான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247. எங்கள் எட்டு ஆய்வுகளில் தமிழ் பற்றியது ஒன்றுகூட இல்லை. ஆண்டு ஒழுங்கில் எழுதியபோது இது எங்கள் கண்ணில் படவேயில்லை. முதலாம் பகுதி முழுக்க ஆங்கிலம் என்பதும் அப்போது தெரியவில்லை. துண்டுகளின் மூன்றாவது வரியை, "எந்த மொழியில்" என்பதை, பகுதி பகுதியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆய்வு இடைவெளி என்று எல்லாரும் தேடுவது இப்படித்தான் வெளியில் வரும். "இதுவரை எவரும் ஆராயவில்லை" என்று கடைசிப் பந்தியில் ஒரு வரி எழுதினால் வந்துவிடாது.

இடம் மாற்றியபின் இன்னொரு வேலை இருந்தது. கணினியில் பந்திகளை வெட்டி ஒட்டும்போது பழைய இணைப்புச் சொற்களும் கூடவே வந்துவிட்டன. 1974இன் பந்தி "இதனைத் தொடர்ந்து" என்று தொடங்கியது. ஆனால் அதற்கு முன்னால் இப்போது இருந்தது 1991. "மேற்குறிப்பிட்ட ஆய்வு" என்று இருந்த இடத்தில், மேலே வேறு ஆய்வு இருந்தது. "ஒலியன்" என்ற சொல்லுக்கு விளக்கம் நான்காம் பக்கத்தில் இருந்தது. ஆனால் சொல் இரண்டாம் பக்கத்திலேயே வந்துவிட்டது. இவற்றைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்தது, ஒருவர் உரத்து வாசிக்க மற்ற மூவரும் கேட்டது. "இது", "இவர்", "மேற்கண்ட" என்ற சொல் வரும்போதெல்லாம் "எது? யார்?" என்று கேட்டோம். பதினேழு இடங்களில் பதில் இல்லை.

இன்னும் ஒரு சின்ன விடயம். ஆண்டு ஒழுங்கை முழுதாக எறிந்துவிட வேண்டாம். ஒரு கருப்பொருளுக்குள் பழையது முந்தியும் புதியது பிந்தியும் வந்தால் வாசிப்பவருக்கு இலகு. குட்மனுக்கு முன்னால் நிக்கல்சனை வைத்தால், கேள்விக்கு முன்னால் பதில் வந்துவிடும். ஆய்வின் விடயமே கால மாற்றம் என்றால், உதாரணமாக நமது நாட்டில் 1972, 1997 கல்விச் சீர்திருத்தங்கள் ஆரம்பக் கல்வியை எப்படி மாற்றின என்பது பற்றி எழுதினால், அங்கே ஆண்டு ஒழுங்குதான் சரி. அங்கே "பிறகு" என்பதே காரணத்தைச் சொல்லும் சொல்.

பதினொரு பக்கம் எட்டுப் பக்கமாகக் குறைந்தது. இரண்டு இடங்களில் சொன்னதையே சொன்னவை, எந்தக் குவியலிலும் ஒட்டாத வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாம் போயின. சேர் வாசித்துவிட்டு, "இப்ப இவங்க ஆளுக்காள் கதைக்கிறாங்க" என்று மட்டும் சொன்னார்.

படஅட்டைத் திட்டத்தைக் கைவிட்டோம். பதிலாக, தரம் 3இல் வாசிக்க முடியாத பிள்ளைகள் எந்த உயிர்மெய்களில் நிற்கிறார்கள் என்று முதலில் கண்டறிவது என்று முடிவு செய்தோம். அவரவர் பாடசாலைக்குத் திரும்பிப்போய்ப் படம் இல்லாத அட்டைகளில் எழுத்துகளை மட்டும் எழுதிக் காட்டினோம். அகர வரிசையை மனப்பாடமாக ஒப்புவித்த பிள்ளைகள், வரிசை கலைந்ததும் தடுமாறினார்கள். அதிலும் கொம்பு முன்னால் வரும் எழுத்துகள்தான் கூடுதல் சிக்கல். "பெ", "பே", "பொ", "போ" நான்கையும் கலந்து வைத்தால் எது எது என்று தெரியவில்லை. கொம்பைத் தனி எழுத்தாக நினைத்து நின்றார்கள். அங்கிருந்து கற்பித்தலைத் தொடங்கினோம். காகத்தை வாசிக்காத அந்தப் பிள்ளைக்கு "கா" தெரியும், "க" தெரியும், "ம்" தெரியாது. மெய்யெழுத்தின் குற்றை அவர் கவனித்ததே இல்லை. அதைக் காட்டிக் கொடுத்த பிறகு, படத்தை மறைத்த நிலையில் அவர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அந்தச் சொல்லை வாசித்தார். இந்த முறை கை தட்டியதில் எங்களுக்குக் கூச்சமிருக்கவில்லை.

தங்கச்சி, உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். கட்டுரையை மூடி வைத்துவிட்டுத் துண்டுகளை எடுங்கள். கேள்வி, விடை, யாரிடம்: மூன்று வரி போதும். குவியலுக்கு ஒரு வசனம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் அந்த மூன்று வாக்கியங்களை, பகுதிகளை எழுதுவதற்கு முன்னரே எழுதிப் பாருங்கள். "அடுத்து" என்பதைத் தவிர வேறு சொல் வராவிட்டால் எழுதுவதை நிறுத்தி, துண்டுகளை மறுபடி இடம் மாற்றுங்கள். எங்கள் பழைய துண்டுகள் இன்னும் ராத்தாவின் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. பார்க்க வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள். உங்கள் ஆய்வுகளின் பட்டியலையும் கத்தரிக்கோல் ஒன்றையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.